நாலு கேசரம் இருக்கிற கார்த்திகைப்பூ

போன கார்த்திகையில் நான் போட்ட ஒரு படத்துக்கு நூற்றுச் சொச்சம் லைக் விழுந்தது. எங்கட பின்வேலியில், கிளுவை மரங்களுக்கு நடுவில் படர்ந்திருந்த கார்த்திகைப்பூ. பின்னால் எல்லாம் பால் கலக்கின மாதிரி மங்கி, முன்னால் பூ மட்டும் நெருப்பாய் நிற்கும். "என்ன கமரா?" என்று மூன்று பேர் இன்பொக்சில் வந்து கேட்டார்கள். போன்தான் என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையைக் கெடுத்தது தங்கச்சி. அவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பூவின் பாகங்களைக் கீறுவதற்காக, மழைக்குள் வேலியடிக்குப் போகாமல் என்னுடைய படத்தைப் பெருப்பித்து வைத்துக்கொண்டு இருந்தவள், கொஞ்ச நேரத்தில் போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அண்ணா, இதில நாலு கேசரம்தான் இருக்கு. மற்ற ரெண்டும் எங்க? தம்பத்தையும் காணேல்லையே."

நான் மறைஞ்சிருக்கும் என்றேன். "மறையிறதுக்கு இடமில்லை, பார்" என்று அவள் விரலால் காட்டின இடத்தில் ஒரு மகரந்தக்கூடு அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பூவோடு தொடுக்கிற இழை இல்லை. அந்த இடத்தில் மங்கின பச்சை மட்டும். கார்த்திகைப்பூவுக்கு ஆறு இதழ், ஆறு கேசரம், நடுவில் இருந்து கிட்டத்தட்ட செங்கோணமாய் ஒரு பக்கம் மடிந்து நீளுகிற ஒரு தம்பம். என்னுடைய பூவுக்கு நாலு கேசரம், ஒரு பேய் மகரந்தக்கூடு, தம்பம் பூச்சியம். நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எடுத்த நானும் கவனிக்கவில்லை.

இந்தப் பூவோடு சேர்ந்து வருகிற மற்றக் கதைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் இங்கே கதைக்க வந்தது அதுகளைப் பற்றி அல்ல. கேசரங்களைத் தின்றது யார் என்பதைப் பற்றித்தான்.

தின்றது போர்ட்ரெய்ட் மோட். அது முகங்களுக்காகச் செய்த வசதி. படம் எடுக்கும்போது எது கிட்ட இருக்கிறது, எது தூர இருக்கிறது என்று போன் ஒரு கணக்குப் போட்டு, தூர இருப்பவை என்று தான் நினைக்கிற எல்லாவற்றையும் பிறகு மென்பொருளால் கரைக்கிறது. முகம் பெரிய, முழுசான ஒரு பொருள் என்றபடியால் அதில் கணக்குப் பெரும்பாலும் சரிவரும். அங்கேயும் கலைந்த தலைமயிரில் தடுமாறும், பார்த்திருப்பீர்கள். கார்த்திகைப்பூ என்பது முழுக்கக் கலைந்த தலைமயிர்தான். இதழ்கள் பின்னுக்கு மடிந்து மேலே போகும். கேசரங்கள் சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி நாலு பக்கமும் விரியும். ஒவ்வொரு கம்பிக்கும் இடையில் பின்னணி தெரியும். மெல்லிய இழையைப் பின்னணியில் இருந்து பிரித்து அறிய அந்தக் கணக்குக்கு முடிவதில்லை. சில இழைகளை வைத்திருக்கும், சிலதைக் கரைத்துவிடும். சில இடத்தில் மறுவளமாய் நடக்கும்: இரண்டு இதழ்களுக்கு நடுவில் தெரிகிற வேலிக்கம்பியைப் பூவென்று நினைத்து அப்படியே கூராக விட்டுவிடும்.

என்னுடைய கருத்து இதுதான்: பூவைக் கிட்ட வைத்து எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோட்டை அணைத்துவிட வேண்டும். கொஞ்சமாகப் பாவிக்கலாம், கவனமாகப் பாவிக்கலாம் என்றெல்லாம் இல்லை. செவ்வரத்தம் பூவின் நடுத்தண்டு, முருங்கைப் பூவின் கேசரம், தொட்டாற்சுருங்கியின் அந்த ரோசா நிற மயிர்ப்பந்து எல்லாவற்றிலும் எது பூவின் உயிரோ அதைத்தான் அது முதலில் தின்கிறது. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், பல போன்களில் எடிற் பகுதிக்குப் போய் அந்த மங்கலைக் குறைக்கவோ முழுசாக எடுத்துவிடவோ முடியும். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். ஆறு கேசரமும் தம்பமும் திரும்பி வந்தன. ஆனால் அவற்றோடு அம்மாவின் உடுப்புக்கொடியும், நீலத் தண்ணீர்த் தாங்கியும், தகரக் கூரையும் சேர்ந்து வந்தன. போர்ட்ரெய்ட் மோட்டை நாங்கள் தேடிப்போவதற்கான காரணமும் அதுதானே. ஆகவே அதை அணை என்று சொல்லிவிட்டு நான் எழும்பிப் போக முடியாது. பின்னணியை வேறு எப்படிச் சமாளிப்பது என்று சொல்லவேணும்.

முதலில் போன் ஏன் இயல்பாகவே பின்னணியை மங்கச் செய்வதில்லை என்று பார்ப்போம். ஒரு லென்ஸ் எவ்வளவு மங்கலைத் தரும் என்பது, வெளிச்சம் உள்ளே போகிற அதன் துவாரத்தின் அகலத்தில் தங்கியிருக்கிறது. பெரிய கமராவில் 50 மில்லிமீற்றர், f/1.8 லென்சை எடுத்தால் துவாரம் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். போனின் பிரதான கமராவில் அது 3, 4 மில்லிமீற்றர்தான். இதில் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. பூவில் போகஸ் வைத்திருக்கும்போது, மிகத் தூரத்தில் இருக்கிற ஒரு புள்ளி, பூ இருக்கிற இடத்தில் வைத்து அளந்தால் அந்தத் துவாரத்தின் அளவுக்குத்தான் ஒரு வட்டமாக விரியும். அதாவது போனில் பின்னணி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், பூவின் அளவில் 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் கரையாது.

இதை ஒரு பூவுக்குப் பொருத்திப் பாருங்கள். தும்பைப் பூ ஒரு சென்ரிமீற்றர் அளவு. அதற்குப் பக்கத்தில் 3 மில்லிமீற்றர் மங்கல் என்பது பூவின் மூன்றில் ஒரு பங்கு. பின்னணி நன்றாகவே கரைந்துவிடும். கார்த்திகைப்பூ கேசரங்களோடு சேர்த்து 10 சென்ரிமீற்றர் வரும். அதற்குப் பக்கத்தில் 3 மில்லிமீற்றர் ஒன்றுமேயில்லை. அதனால்தான் சின்னப் பூக்களை எடுக்கும்போது "ஆ, தானாகவே மங்குதே" என்று சந்தோசப்படுகிற நாங்கள், பெரிய பூவுக்கு வந்தவுடன் ஏமாந்து போர்ட்ரெய்ட் பட்டனைத் தேடுகிறோம். கமராவில் பிழையில்லை, பூ பெரிசு. அவ்வளவுதான்.

அப்படியென்றால் பெரிய பூவுக்குப் பின்னணியைக் கரைக்கிற எண்ணத்தை விட்டுவிட்டு, பின்னணியைத் தெரிவுசெய்ய வேண்டும். இதில் பூவுக்கும் பின்னணிக்கும் இடையிலான தூரம் ஓரளவுக்கு உதவும். வேலி பூவுக்கு ஒட்டினாற்போல் 5 சென்ரிமீற்றரில் இருந்தால் ஒவ்வொரு இலையும் துலக்கமாய்த் தெரியும். ஒரு மீற்றர் தள்ளியிருந்தால் போனால் முடிந்த மங்கலில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்கு மேல் பத்து மீற்றர் தள்ளினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே "பின்னுக்கு வெட்டவெளி வேணும்" என்று அலையத் தேவையில்லை. ஒரு மீற்றருக்கு அப்பால் ஒரே நிறமாய், ஒரே வெளிச்சமாய் ஏதாவது இருந்தால் போதும். நிழல் விழுந்த மதில், கிணற்றடி வாழைகளின் இருட்டு, ஈரமான செம்மண். உண்மையில் கண்ணை உறுத்துவது பின்னணியின் கூர்மை அல்ல, அதில் இருக்கிற வெள்ளையும் நீலமும் பளபளப்பும்தான். இருட்டான ஒரு இலைக்கூட்டம் கொஞ்சம் கூராகத் தெரிந்தாலும் ஒருவரையும் தொந்தரவு செய்யாது. மங்கலான வெள்ளைச் சேர்ட் ஒன்று கொடியில் தொங்கினால் படம் போச்சு.

அடுத்தது கிட்டப் போகிற ஆசை. பூவைப் பெரிசாக எடுக்கவேணும் என்றால் போனை மூக்கு முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோகிறோம். ஒவ்வொரு கமராவுக்கும் அதற்குக் கிட்டப் போனால் போகஸ் பிடிக்காது என்ற ஒரு எல்லை உண்டு. பிரதான கமராவில் அது பல போன்களில் 10 முதல் 20 சென்ரிமீற்றர். புதிய, விலை கூடிய போன்களில் சென்சர் பெரிசாகப் பெரிசாக இந்த எல்லை தூரப் போயிருக்கிறது என்பது வேடிக்கை. உங்களுடைய போனின் எல்லையை அறிய ஒரு பழைய பேப்பரைச் சுவரில் ஒட்டிவிட்டு, எழுத்துக்கு அருகே மெதுவாகப் போய்ப் பாருங்கள். எழுத்து இனிக் கூராகாது என்று நிற்கிற இடத்தில் அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிச வேலை. பிறகு ஆயுசுக்கும் உதவும்.

ஆனால் அப்படி அளக்கும்போது சில போன்கள் ஏமாற்றும். 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோவிலும் இருக்கிற பழக்கம் இது: நீங்கள் எல்லையைத் தாண்டினவுடன் போன் சத்தமில்லாமல் பிரதான கமராவை விட்டுவிட்டு அகலக் கோணக் கமராவுக்கு மாறிவிடும். திரையில் காட்சி ஒருக்கால் துள்ளும், மூலையில் ஒரு சின்னப் பூ அடையாளம் வரும். மேக்ரோ என்று விளம்பரப்படுத்துவது இதைத்தான். அது சில சென்ரிமீற்றர் வரைக்கும் கிட்டப் போகும், உண்மை. ஆனால் அகலக் கோணம் என்றபடியால் பூவுக்குப் பின்னால் இருக்கிற முழு வளவையும் இழுத்துக்கொண்டு வரும். துவாரமும் இன்னும் சின்னது, ஆகவே மங்கலும் குறைவு. போனின் நிழலே பூவில் விழும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கேசரம் பூதாகாரமாய்ப் பெருத்து, பின்னால் இருப்பது சுருங்கிப்போகும். பூ அடையாளத்தைத் தொட்டால் அது அணையும், அணைத்துவிடுங்கள். விலை குறைந்த போன்களில் தனியாக ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ கமரா வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் 4 சென்ரிமீற்றரில் நிரந்தரமாகப் பூட்டின போகஸ். நான் அதைப் பாவித்த காலத்தில் என்னுடைய படங்கள் எல்லாம் தண்ணீர்விட்ட சாயம் மாதிரி இருந்தன. கமராக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அது இருக்கிறது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

நான் இப்போது செய்வது நேர்மாறு. ஒரு சாண் தள்ளி நின்று, திரையில் 2x என்பதைத் தொடுகிறேன். கையை விரித்தால் பெருவிரல் நுனியில் இருந்து சின்னிவிரல் நுனி வரை 20, 22 சென்ரிமீற்றர் வருமே, அந்தச் சாண். 1x இல் அந்தத் தூரத்தில் போனை நிமிர்த்திப் பிடித்தால் சட்டத்தின் அகலத்துக்குள் 22 சென்ரிமீற்றர் அளவு அடங்கும், கார்த்திகைப்பூ அதில் பாதியைத்தான் பிடிக்கும். 2x போட்டால் பூ சட்டத்தை நிரப்பும். பின்னால் தெரிகிற வளவின் அகலமும் பாதியாகக் குறையும். உடுப்புக்கொடி வெளியே, தண்ணீர்த் தாங்கி வெளியே. கால்வாசி அடி இடப்பக்கம் நகர்ந்தால் தகரமும் வெளியே. 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சர் உள்ள போன்களில் 2x என்பது சென்சரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதுதான் என்றபடியால் படம் பெரிதாகக் கெடாது. மற்றப் போன்களில் கொஞ்சம் மென்மையாகும். அதையும் நான் நாலு கேசரத்துக்குப் பதிலாகச் சந்தோசமாக ஏற்றுக்கொள்வேன்.

இனிப் போகஸ். ஒரு சாண் தூரத்தில், பெருப்பித்துப் பார்த்தாலும் கூராய்த் தெரிகிற ஆழம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் படிப்படியாகக் கரையும். பூவோ 10 சென்ரிமீற்றர் ஆழம். பக்கவாட்டில் நின்று எடுத்தால் உங்கள் பக்கம் நீட்டுகிற கேசரத்துக்கும் மறுபக்கக் கேசரத்துக்கும் இடையில் பத்துச் சென்ரிமீற்றர்; இரண்டும் ஒரே படத்தில் கூராக வராது. என்ன மோட் போட்டாலும் வராது. ஆனால் சைக்கிள் சில்லை யோசியுங்கள். சில்லைப் பக்கத்தில் நின்று நேராகப் பார்த்தால் எல்லாக் கம்பிகளும் உங்களுக்கு ஒரே தூரம். கார்த்திகைப்பூ தலைகுனிந்து தொங்குகிற பூ. அதன் கேசரச் சில்லு கிட்டத்தட்ட நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. ஆகவே பூவுக்குக் கீழே போனைக் கொண்டுபோய் மேலே பார்த்தால் ஆறு மகரந்தக்கூடும் தம்பமும் ஒரே தளத்தில் வந்துவிடும். போனின் முதுகு அந்தச் சில்லுக்குச் சமாந்தரமாய் இருக்கவேணும், அதுதான் முழுச் சூத்திரமும். கீழேயிருந்து பார்த்தால் பின்னணி வானம் என்றபடியால் பூ கறுத்துப்போகும் என்ற பிரச்சினை வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கே தொடுவது? திரையில் நடுவில் தொட்டால் போன் பெரும்பாலும் இழைகளுக்கு இடையில் தெரிகிற பின்வேலியைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பொருட்கள் அதற்குக் கண்ணில் படுவதில்லை. எனக்குக் கைகொடுத்த வழி இது: பூவுக்குப் பக்கத்தில், கேசரம் இருக்கிற அதே தூரத்தில் என்னுடைய விரலைப் பிடிப்பேன். திரையில் விரலைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஐபோனில் AE/AF LOCK என்று மஞ்சளாய்க் காட்டும், மற்றவற்றில் ஒரு பூட்டு அடையாளம். பிறகு விரலை எடுத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னுமாய் ஒரு சென்ரிமீற்றர் ஆட்டி, மகரந்தக்கூட்டில் ஒட்டியிருக்கிற தூள் தெரிகிற இடத்தில் அமத்துவேன். பூட்டின பிறகு போகஸ் வைப்பது நான்தான், கமரா அல்ல.

இவ்வளவும் செய்து முடிக்கும்போது காற்று வரும். கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் வடகீழ்க் காற்று. வேலியில் இலை நுனிகளைச் சுருட்டிப் பிடித்துத் தொங்குகிற கொடி அது அடித்தால் நிற்காது. இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைச் சொல்லவேணும். போனில் இருக்கிற ஆட்டத் தடுப்பு, உங்கள் கை ஆடுவதை மட்டும்தான் சமாளிக்கும். பூ ஆடுவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பூ ஆடினால் ஒரே மருந்து, ஷட்டர் வேகம். மெல்லிய காற்றில் பூ அரைச் செக்கனில் 5 சென்ரிமீற்றர் நகர்கிறது என்று வையுங்கள். விடியக்காலை மரநிழலில் போன் தானாகத் தெரிவுசெய்த வேகம் 1/60 என்று படத்தின் விபரத்தில் பார்த்தேன். அந்த நேரத்துக்குள் பூ ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். இழையின் தடிப்பே கிட்டத்தட்ட அந்தளவுதான். ஆகவே இழை இரட்டை அகலமாய் வழுக்கிக்கொண்டு போகும். 1/500 வைத்தால் நகர்வு 0.2 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது.

அந்த்ராய்ட் போன்களில் Pro என்ற பகுதிக்குள் S என்பதை 1/500 ஆக்கி, ISO வைத் தானியங்கியாக விட்டுவிட்டேன். 50 இல் இருந்தது 400 க்கு ஏறியது. கொஞ்சம் மணல்மணலாய் வரும். வரட்டும். மணலைப் பிறகு குறைக்கலாம், வழுக்கின இழையைத் திருத்த வழியே இல்லை. இந்தப் பகுதியில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. சாதாரண மோட்டில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கும். பூ ஆடினால் ஒரு கேசரம் இரண்டாய்த் தெரிவது அதனால்தான். சில போன்களில் Pro பகுதியில் அந்தக் கலப்பு இருக்காது, அல்லது குறைவாக இருக்கும்.

வேகம் மட்டும் காணாது. காற்று பூவை உங்களை நோக்கி இரண்டு சென்ரிமீற்றர் தள்ளினால் ஒரு சென்ரிமீற்றர் ஆழம் என்ற அந்தக் கணக்கில் இருந்து பூ வெளியே போய்விடும். அது வழுக்கின மாதிரித் தெரியாது, மொத்தமாய் மங்கின மாதிரித் தெரியும். இரண்டையும் இப்படித்தான் பிரித்து அறியலாம்: ஒரு பக்கமாய் இழுபட்டிருந்தால் ஷட்டர், எல்லாப் பக்கமும் சமமாய் மங்கி, வேலியில் ஏதோ ஒரு இலை மட்டும் கூராக இருந்தால் தூரம். எனக்கு முதல் நாள் கெட்ட படங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. நான் ஷட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டு நின்றேன்.

அதற்கான வழி மிகச் சாதாரணமானது. இடக்கையின் இரண்டு விரலால் பூவின் காம்பைப் பிடியுங்கள். போனின் கீழ்விளிம்பை அதே கையின் மணிக்கட்டிலோ பெருவிரல் அடியிலோ தாங்குங்கள். இப்போது காற்று அடித்தாலும் பூவும் போனும் ஒன்றாய் ஆடும், இடைத்தூரம் மாறாது. இதை நான் கண்டுபிடித்ததற்குக் காரணம் திறமை இல்லை, குனிந்து நின்று களைத்துப்போய்க் கையை எங்கேயாவது ஊன்றத் தேடியதுதான். ஒரு கவனம்: கார்த்திகைச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கு எல்லாவற்றையும் விட மோசம். "தொட்டா கையைக் கழுவாமல் வாயில வைக்காதை" என்று அம்மம்மா சின்ன வயசில் இருந்து சொல்வது பயமுறுத்துவதற்கு அல்ல. பூவைப் பிடுங்கி உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்து எடுக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எடுக்கலாம். ஆனால் பிடுங்கின பூ தொங்குவதில்லை, சரிந்து கிடக்கும். அந்தச் சில்லு வடிவம் குலைந்துவிடும். பிறகு எடுத்து என்ன பயன்?

தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்தபடி அடுத்த சனிக்கிழமை விடியக்காலை ஆறரைக்கு வேலியடிக்குப் போனோம். இரவு பெய்த மழை விட்டிருந்தது, வானம் மூடியிருந்தது. அந்த நேரத்தில் காற்றும் பகலை விடக் குறைவு. நாலு பூக்கள் இருந்தன. ஒன்று இன்னும் பச்சைமஞ்சள், இரண்டு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாய், ஒன்று முதிர்ந்து முழுச் சிவப்பு. நடுத்தரமான ஒன்றைத் தெரிவுசெய்தோம், காரணம் இரண்டு நிறமும் இருக்கிறது என்பது மட்டுமல்ல. முழுச் சிவப்பான பூவில் போன் தோற்றுப்போகும். சிவப்பு அளவுக்கு மிஞ்சி நிரம்பி, இதழின் நெளிவும் நரம்பும் அழிந்து, சிவப்புக் கடதாசி வெட்டி ஒட்டின மாதிரி வரும்.

பின்னணிக்கு நான் கொண்டுபோனது அப்பாவின் கறுப்புக் குடை. தங்கச்சி பூவுக்கு அந்தப் பக்கம், வடகிழக்குப் பக்கமாய், இரண்டு முழம் தள்ளி அதை விரித்துப் பிடித்தாள். உடுப்புக்கொடி, தாங்கி, தகரம் எல்லாம் ஒரே நொடியில் இல்லாமல் போயின. காற்று வருகிற பக்கமும் அதுதான் என்றபடியால் பூவும் பாதி அடங்கியது. குடை இரண்டு தரம் மறுபக்கம் பிரண்டு தங்கச்சியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது என்பதையும் சொல்லத்தான் வேணும். நேராகக் கீழேயிருந்து மேலே எடுத்தால் வெள்ளை வானம் வருகிறது. ஆகவே கொஞ்சம் சாய்வாய், கீழேயிருந்து வடகிழக்கை நோக்கி எடுக்க, குடையை அதற்கேற்றபடி உயர்த்தினாள். சில்லு முழுசாகச் சமாந்தரம் இல்லை, ஆனால் ஐந்து கேசரமாவது ஒரே தளத்தில் வரும் என்று தெரிந்தது.

முதல் படம் வெளிறிப்போய் வந்தது. கறுப்புப் பின்னணியைக் கண்டவுடன் போன் "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடும். Pro பகுதிக்குள் EV என்பதை -1.0 க்கு இறக்கினேன். சாதாரண மோட்டில் என்றால் போகஸ் பூட்டின பிறகு வருகிற சூரிய அடையாளத்தைக் கீழே இழுக்கவேணும். மஞ்சள் மஞ்சளாகவும் சிவப்புக்குள் கோடுகள் தெரிகிற மாதிரியும் வந்தது. விரலைப் பக்கத்தில் பிடித்துப் போகஸைப் பூட்டினேன். காம்பைப் பிடித்தேன், போனை அதே கையில் ஊன்றினேன், ஒலியைக் கூட்டுகிற பட்டனால் அமத்தினேன். திரையைக் குத்தினால் போன் ஒரு துடிப்புத் துடிக்கும். காற்று வீசும்போது விட்டுவிட்டு, கொடி ஒரு பக்கம் போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் எடுத்தேன். ஊஞ்சல் மாதிரித்தான், திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கும். நாற்பத்தொரு படம். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் மகரந்தக்கூட்டில் பெருப்பித்துப் பார்த்ததில் மிஞ்சினது மூன்று.

இதைக் கேட்ட சிநேகிதன் ஒருவன், "இதுக்கு ஏன் இவ்வளவு கூத்து, ஒரு கிளிப் லென்ஸ் வாங்கு" என்றான். அவனிடம் இருந்ததை வாங்கிப் பார்த்தேன். தும்பைக்கும் நாயுருவிக்கும் அது அருமை, போனால் காணவே முடியாத மயிர்களைக் காட்டுகிறது. ஆனால் பூவுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டப் போகவேணும், கூரான ஆழம் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். வேலியில் ஆடுகிற 10 சென்ரிமீற்றர் பூவுக்கு அதை மாட்டுவது, கிணற்றுத் தண்ணீரைத் தேக்கரண்டியால் அள்ளுகிற வேலை. இன்னொருத்தி, "ஸ்ரேற்றசுக்குப் போடுற படத்துக்குக் கேசரம் எண்ணுறது ஆர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் நூற்றுச் சொச்சம் லைக் வாங்கினவன்தானே. என்னுடைய பதில், எண்ணுகிற ஒருத்தி எங்கட வீட்டிலேயே இருக்கிறாள் என்பதுதான்.

அந்த மூன்றில் நல்லதைத் தங்கச்சிக்கு அனுப்பினேன், வட்ஸ்அப்பில் படமாய் அனுப்பாமல் ஆவணமாய். படமாய் அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. அறைக்குள் இருந்து சத்தமாய் எண்ணுவது கேட்டது. ஒன்று, ரெண்டு, மூன்று... ஆறு. "தம்பமும் இருக்கு. மூண்டாய்ப் பிரிஞ்ச குறியும் தெரியுது." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆனா அண்ணா, பின்னுக்கு இருக்கிற இந்த ஒண்டு மங்கலாய்க் கிடக்கு."

குடையைக் காய வைக்கவில்லை. நாளைக்கும் மழை இல்லையென்றால் போகிறோம். அதற்குள் அந்தப் பூ முழுச் சிவப்பாகிவிடும், பச்சைமஞ்சளாய் இருந்தது பதத்துக்கு வந்திருக்கும்.